மதில் ஒரு பக்கம், கம்பி வேலி மூன்று பக்கம்: குறைந்த செலவில் இடத்தை அடைப்பதற்கு ஒரு கணக்கு

300 சதுர மீட்டர் இடத்தைச் செவ்வகமாக அடைக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் மதில். அதற்கு மீட்டருக்கு 100 ஆகும். மற்ற மூன்று பக்கங்களுக்கும் கம்பி வேலி போதும், மீட்டருக்கு 20. எந்த நாட்டுப் பணம் என்பது இந்தக் கணக்குக்கு முக்கியமில்லை. முன்பக்கம் எத்தனை மீட்டர், உள்நோக்கிப் போகும் ஆழம் எத்தனை மீட்டர் என்று வைத்தால் மொத்தச் செலவு மிகக் குறைவாக வரும்?

கேட்டதும் பலரும் சொல்லும் பதில் "சதுரமாக வை" என்பதுதான். நான்கு பக்கமும் ஒரே விலை என்றால் அது சரியான பதில். இங்கே அப்படியில்லை. சதுரமாக வைத்தால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 17.32 மீட்டர், செலவு 2771. சரியான வடிவத்தில் இதே 300 சதுர மீட்டரை 2400-க்கு அடைத்துவிடலாம். அந்த 2400 எப்படி வருகிறது, அதற்குக் கீழே போகவே முடியாது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறோம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். வகையிடல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வர்க்கமூலம் தெரிந்தால் போதும்.

கையில் இருக்க வேண்டிய ஒரே கருவி

a, b என்ற இரண்டு மிகை எண்களின் கூட்டுச் சராசரி (a + b)/2. அவற்றின் பெருக்குச் சராசரி √(ab). முதலாவது இரண்டாவதை விட ஒருபோதும் குறையாது. இதை மனப்பாடம் செய்வதைவிட, எங்கிருந்து வருகிறது என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் பின்னால் இந்த வரியே நமக்கு வேறொரு வேலையும் செய்யப்போகிறது:

```
a + b = 2√(ab) + (√a − √b)²
```

வலப்பக்கத்தை விரித்துப் பாருங்கள், அப்படியே a + b வரும். கடைசி உறுப்பு ஒரு வர்க்கம், அது பூச்சியத்துக்குக் கீழே போகாது. ஆகவே a + b ≥ 2√(ab). அந்த வர்க்கம் பூச்சியமாகும்போது, அதாவது a-உம் b-உம் சமமாக இருக்கும்போது மட்டும், இரண்டு பக்கமும் சமம்.

நமக்குப் பயன்படுவது இதன் ஒரு குறிப்பிட்ட முகம். இரண்டு எண்களின் பெருக்கற்பலன் மாறாமல் இருக்கிறது என்று தெரிந்தால், அவற்றின் கூடுதல் எவ்வளவு வரை இறங்கும் என்பது உடனே தெரிந்துவிடும். வேலிக் கணக்கில் பரப்பு மாறாதது, செலவு ஒரு கூடுதல். அதனால்தான் இந்த அசமன்பாடு இங்கே இவ்வளவு எளிதாகப் பொருந்துகிறது.

செலவைத் திசை திசையாக எழுதுங்கள்

ஒரு தாளில் செவ்வகம் வரையுங்கள். முன்பக்க நீளத்தை x என்றும், ஆழத்தை y என்றும் குறியுங்கள். இப்போது ஒவ்வொரு பக்கத்தின் மேலும் அதன் மீட்டர் விலையை எழுதுங்கள்: முன்னால் 100, பின்னால் 20, இடமும் வலமும் 20, 20. நான் எப்போதும் x திசையில் போகும் கோடுகளை ஒரு நிறத்திலும், y திசையில் போகும் கோடுகளை வேறு நிறத்திலும் தடித்துவிடுவேன். சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றலாம், ஆனால் ஒரு பக்கத்தை விட்டுவிடுவது அல்லது இரண்டு முறை எண்ணிவிடுவது இந்தக் கணக்கில் அடிக்கடி நடக்கிறது.

x திசையில் முன் மதிலும் பின் வேலியும் இருக்கின்றன: 100x + 20x = 120x. y திசையில் இரண்டு பக்க வேலிகள்: 20y + 20y = 40y. ஆக மொத்தச் செலவு:

```
C = 120x + 40y
xy = 300
```

இப்போது a-வாக 120x-ஐயும், b-யாக 40y-ஐயும் எடுத்துக்கொள்கிறோம். x-ஐயும் y-ஐயும் அல்ல, செலவின் இரண்டு பகுதிகளை முழுதாக. இந்த இடத்தில் கவனம் வேண்டும். x + y-க்கு அசமன்பாட்டைப் போட்டால் சுற்றளவைப் பற்றித்தான் ஏதாவது தெரியும், செலவைப் பற்றித் தெரியாது. சதுரம் என்ற தவறான பதில் வருவதும் அந்த வழியில்தான்.

இரண்டு பகுதிகளையும் பெருக்கினால் 120x × 40y = 4800xy = 4800 × 300 = 14,40,000. x, y இரண்டும் மறைந்து வெறும் எண் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதன் வர்க்கமூலம் 1200. எனவே:

```
C = 120x + 40y ≥ 2 × 1200 = 2400
```

எந்த நீள அகலத்தைத் தேர்ந்தெடுத்தாலும் 300 சதுர மீட்டருக்கு 2400-க்குக் கீழே செலவு வராது. ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. 2400 என்பது இப்போதைக்கு ஒரு தரை மட்டுமே. அந்தத் தரையைத் தொட முடியுமா என்று பார்க்க வேண்டும்.

தரையைத் தொடுவது

சமக்குறி வர 120x = 40y ஆக வேண்டும். இரண்டும் 1200 வீதம் இருக்க வேண்டும் என்பதால் x = 10, y = 30. பரப்பு 10 × 30 = 300, நிபந்தனை சரியாக இருக்கிறது. செலவு 1200 + 1200 = 2400. ஆகவே பதில்: மதில் 10 மீட்டர், ஆழம் 30 மீட்டர்.

இதிலிருந்து ஒரு கைவிதி கிடைக்கிறது. இந்த வகைக் கணக்கில், சிறந்த வடிவத்தில் x திசைக்கு ஆகும் பணமும் y திசைக்கு ஆகும் பணமும் சரிபாதி. நீளங்கள் சமமாக இருக்க வேண்டியதில்லை, பணம் சமமாக இருக்க வேண்டும். யாராவது ஒரு வரைபடத்தைக் காட்டி "இது சரியா?" என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சதுர வடிவத்தில் x திசைக்கு 2078-உம் y திசைக்கு 693-உம் போகிறது. மதில் பக்கம் பணம் குவிந்திருக்கிறது, அப்படியென்றால் மதிலைச் சுருக்கி ஆழத்தைக் கூட்ட வேண்டும்.

சில நீளங்களைப் போட்டுப் பார்த்தால் நம்பிக்கை வரும்:

```
x = 5     y = 60      C = 3000
x = 8     y = 37.5    C = 2460
x = 10    y = 30      C = 2400
x = 12    y = 25      C = 2440
x = 15    y = 20      C = 2600
x = 20    y = 15      C = 3000
```

மதிலைப் பாதியாக்கினாலும் இரட்டிப்பாக்கினாலும் செலவு 3000-தான், கவனித்தீர்களா? தற்செயல் அல்ல. x-ஐப் பாதியாக்கும்போது 1200 + 1200 என்பது 600 + 2400 ஆகிறது. இரட்டிப்பாக்கும்போது 2400 + 600 ஆகிறது. இடம் மாறியதே தவிர எண்கள் அவைதான்.

உண்மையான அசமன்பாடு, தவறான பதில்

புதிதாகக் கற்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், நானும் சறுக்கியிருக்கிறேன். நான்கு பக்கங்கள் இருக்கின்றனவே, நான்கு உறுப்புகளுக்கும் சேர்த்து அசமன்பாட்டைப் போடலாமே என்று தோன்றும். அசமன்பாடு இரண்டு எண்களுக்கு மட்டுமல்ல, எத்தனை மிகை எண்களுக்கும் பொருந்தும். 1821-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி அதற்கு ஓர் அழகான நிறுவலைத் தந்தார். ஆக, அனுமதி இருக்கிறது. சரி, போட்டுப் பார்ப்போம்.

உறுப்புகள் 100x, 20x, 20y, 20y. நான்கையும் பெருக்கினால் 8,00,000 × x²y² = 8,00,000 × 90,000. இதிலும் x, y மறைந்துவிடுகின்றன. நான்காம் மூலம் எடுத்தால் சுமார் 518. நான்கு மடங்கு 2072. ஆகவே C ≥ 2072.

எங்கும் கணக்குப் பிழை இல்லை. C ≥ 2072 என்பது உண்மைதான். 2400-க்குக் குறையாத ஒன்று 2072-க்கும் குறையாது, அவ்வளவுதான். ஆனால் "குறைந்தபட்சச் செலவு 2072" என்று எழுதினால் அது தவறு. காரணம், சமக்குறி வர நான்கு உறுப்புகளும் ஒன்றுக்கொன்று சமமாக வேண்டும். 100x-உம் 20x-உம் எந்த x-க்குச் சமமாகும்? பூச்சியத்துக்கு மட்டும். பூச்சிய நீளத்தில் மதில் கட்ட முடியாது. எனவே 2072 என்பது யாரும் தொட முடியாத தரை. அதை நம்பிப் பணம் ஒதுக்கினால், வேலை முடிவதற்குள் 300-க்கு மேல் துண்டு விழும்.

மூன்றாகப் பிரித்தால் வேறொரு விதமாகக் கெடும். 100x, 20x, 40y ஆகியவற்றைப் பெருக்கினால் 80,000x²y. xy = 300 என்று போட்ட பிறகும் ஒரு x தொங்கிக்கொண்டிருக்கும். வலப்பக்கத்தில் மாறி மிஞ்சினால் அந்த அசமன்பாட்டிலிருந்து குறைந்தபட்சத்தைப் படிக்க முடியாது. இந்தத் தவறு கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் ஆபத்து குறைவு. நான்கு உறுப்புப் பிழைதான் நல்லபிள்ளை போல வந்து ஏமாற்றுகிறது.

அப்படியானால் நான்காகப் பிரிக்கவே கூடாதா? பிரிக்கலாம், எல்லாம் ஒரே நேரத்தில் சமமாகும்படி பிரித்தால். 60x, 60x, 20y, 20y என்று எழுதுங்கள். கூடுதல் அதே 120x + 40y-தான். பெருக்கற்பலனின் நான்காம் மூலம் சரியாக 600, நான்கு மடங்கு 2400. 60x = 20y என்றால் y = 3x, அதாவது 10-உம் 30-உம். பதில் அதேதான் திரும்பி வந்துவிட்டது. எப்படிப் பிரித்தாலும் சரி, விடையை எழுதும் முன் இந்த இரண்டையும் பாருங்கள்: பெருக்கற்பலனில் மாறி எதுவும் மிஞ்சவில்லையா? எல்லா உறுப்புகளும் ஒன்றாகச் சமமாகும் x, y உண்மையில் இருக்கிறதா?

கேட்டும் உள் தடுப்பும்

வெறும் நான்கு பக்கத்தோடு எந்த அடைப்பும் நிற்பதில்லை. முன்பக்கம் 3 மீட்டர் அகலத்தில் ஒரு கேட், அதன் மொத்த விலை 500 என்று வைத்துக்கொள்வோம். கேட் இருக்கும் இடத்தில் மதில் வேண்டாம், 300 மிச்சம். ஆக மொத்தச் செலவு 120x + 40y + 200. அந்த 200 நீள அகலத்தைப் பொறுத்து மாறாது. அதைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு, மீதிக்கு மட்டும் அசமன்பாட்டைப் போடுங்கள். வடிவம் மாறாது, 10-உம் 30-உம்தான். செலவு மட்டும் 2600. மறந்தும் 200-ஐ மூன்றாவது உறுப்பாக உள்ளே இழுத்துவிடாதீர்கள். 1981 என்று ஒரு பொய்த் தரை வரும், மேலே பார்த்த அதே வியாதி.

உள்ளே ஒரு தடுப்பு வேலி போட்டு இடத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்றால் கதை வேறு. தடுப்பின் நீளம் x அல்லது y-ஐப் பொறுத்தது, அதனால் வடிவமே மாறும். மதிலுக்கு இணையாகத் தடுத்தால் C = 140x + 40y. பெருக்கற்பலன் 5600 × 300 = 16,80,000, வர்க்கமூலம் சுமார் 1296.1. குறைந்தபட்சச் செலவு 2592. நீளங்கள் x ≈ 9.26, y ≈ 32.4. ஆழத்தின் திசையில் தடுத்தால் C = 120x + 60y, குறைந்தபட்சம் 2939, x ≈ 12.25, y ≈ 24.5.

இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 350 வித்தியாசம். எந்தப் பக்கம் தடுத்தாலும் பயன்பாட்டுக்கு ஒன்றுதான் என்றால், மதிலுக்கு இணையாகத் தடுப்பதே லாபம். இதில் ஒரு சின்ன விஷயம்: பழைய 10 × 30 வடிவத்தை மாற்றாமல் மதிலுக்கு இணையாகத் தடுப்பைச் சேர்த்திருந்தால் 2600 ஆகியிருக்கும். புதிதாகக் கணக்குப் போட்டு மிச்சம் பிடித்தது வெறும் 8. அந்த 8-க்காக முளைகளைப் பிடுங்கி மறுபடி அளக்க நான் போக மாட்டேன். தடுப்பை எந்தத் திசையில் போடுவது என்ற முடிவில்தான் காசு இருக்கிறது.

இடம் ஒத்துழைக்காதபோது

நிலத்தின் ஆழம் 25 மீட்டர்தான், அதற்குமேல் போக வழியில்லை. y = 30 கிடைக்காது, அதனால் 2400-உம் கிடைக்காது. இப்போது என்ன செய்வது? ஆரம்பத்தில் எழுதிய அந்த வரி இங்கே கைகொடுக்கும். a = 120x, b = 40y என்று அதில் போட்டால்:

```
C = 2400 + (√(120x) − √(40y))²
```

அடைப்புக்குறிக்குள் இருக்கும் வர்க்கம்தான் நாம் கூடுதலாகக் கட்டும் தண்டம். y-ஐ 30-லிருந்து குறைக்கக் குறைக்க x கூடும், 120x மேலே போகும், 40y கீழே வரும், இரண்டுக்கும் இடைவெளி விரிந்துகொண்டே போகும், தண்டமும் ஏறிக்கொண்டே போகும். ஆகவே 25-க்குள் எது சிறந்தது என்றால், 30-க்கு மிக அருகில் இருப்பதுதான், அதாவது 25-ஏ. அப்போது x = 12, செலவு 1440 + 1000 = 2440. தண்டம் 40.

40 மட்டுமா என்று வியப்பாக இருக்கலாம். மதில் 20 சதவீதம் நீண்டும் செலவு 2 சதவீதம்கூட ஏறவில்லை. குறைந்தபட்சத்துக்கு அருகில் செலவு இப்படித்தான் தட்டையாக இருக்கும். x-ஐ 11 ஆக்கினால் 2411, 9 ஆக்கினால் 2413. அதனால் கம்பி வேலியின் தூண் இடைவெளிக்கு ஏற்ப அரை மீட்டர், ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. தசமப் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் வரை x-ஐ எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும், நாடா பிடிப்பவரின் கை அதைவிட அதிகமாக ஆடும். ஆனால் தட்டையாக இருப்பது அருகில் மட்டும்தான். பாதிக்கோ இரட்டிப்புக்கோ போனால் 600 கூடுகிறது என்று மேலே பட்டியலிலேயே பார்த்தோம்.

இந்த முறை செவ்வகத்தை மட்டும்தான் பார்க்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். எல்லாப் பக்கமும் ஒரே விலை என்றால், அதே பரப்பை வட்டமாக வளைத்தால் சதுரத்தைவிட வேலி குறைவாகவே பிடிக்கும். அந்த ஒப்பீடு இந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிறது. அதேபோல், வேலியின் மீட்டர் விலை நீளத்தைப் பொறுத்து மாறினால், உதாரணமாக நிறைய வாங்கினால் தள்ளுபடி என்றால், 40y என்ற எளிய வடிவமே உடைந்துவிடும். அப்போது ஒவ்வொரு விலைக்கும் தனித்தனியே கணக்குப் போட்டு, கிடைத்த நீளம் அந்த விலைக்குரிய வரம்புக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

கையில் இருப்பது 3000 என்றால்

கேள்வியைத் திருப்பிப் போடலாம். பரப்பு தெரியாது, பணம் 3000 இருக்கிறது, எவ்வளவு பெரிய இடத்தை அடைக்கலாம்? பரப்பை A என்று வைத்தால் அதே அசமன்பாடு 3000 ≥ 2√(4800A) என்கிறது. இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்தினால் 90,00,000 ≥ 19,200A, ஆக A அதிகபட்சம் 468.75 சதுர மீட்டர். நீளங்களுக்கு மறுபடியும் சரிபாதி விதிதான்: 1500-ஐ 120-ஆல் வகுத்தால் x = 12.5, 1500-ஐ 40-ஆல் வகுத்தால் y = 37.5. பெருக்கிப் பாருங்கள், 468.75 சரியாக வரும். 300 சதுர மீட்டருக்கான 2400-உடன் ஒப்பிட்டால் பணம் 25 சதவீதம்தான் கூடியிருக்கிறது, இடம் 56 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது.